கோடு எங்கே போகிறது?
நகராட்சிக்கு எழுதிய ஒரு கடிதத்தின் கதை

எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில் மாடிப்படி ஏறியதும் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. கண்ணாடி மங்கிப் போயிருக்கும். முப்பது வார்டுகளும் முப்பது வண்ணத்தில் இருந்திருக்க வேண்டும். வெயில் பட்டு எல்லாம் ஒரே வெளிர்மஞ்சளாகிவிட்டது. எங்கள் காலனி இருக்கும் இடத்தில் பல ஆண்டுகளாக யார் யாரோ விரல் வைத்துக் காட்டியதில் தாளே தேய்ந்து, அங்கே எல்லைக்கோடு தெரியவில்லை.

ஒருநாள் காலனிக் குடிநீர்க் குழாய்க்காக மனு கொடுக்கப் போன ஆயா ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்று கேட்டார்: "எங்க தெருவுல வடக்கு வாடைக்கு ஒரு கவுன்சிலரு, தெக்கு வாடைக்கு ஒரு கவுன்சிலருன்னு சொல்றாங்களே, அப்போ கோடு எங்க வீட்டு வாசல்லயா போவுது?" பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. படிப்பகத்தில் மாலையில் கூடிய எங்களிடம் அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. அங்கிருந்து தொடங்கியதுதான் இந்தக் கடிதம்.

வார்டு எல்லையை எண்ம வடிவில், அதாவது கணினி வரைபடக் கோப்பாகத் தரவேண்டும்; அதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிம விதிகளையும் தரவேண்டும். கேட்டது இவ்வளவுதான். அதை எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ள எங்களுக்கு மூன்று கடிதங்கள் தேவைப்பட்டன. மற்ற காலனிகளுக்கும் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறோம்.

ஒரு கோட்டுக்கு என்ன வலிமை?

அரசியல் சட்டத்தின் 243டி பிரிவு நகராட்சி மன்றங்களில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்கச் சொல்கிறது. எத்தனை இடம் என்பதை ஊர் முழுவதன் விகிதம் முடிவு செய்கிறது. எந்த இடம் என்பதை வார்டின் விகிதம் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் விகிதம் அதிகமாக உள்ள வார்டிலிருந்து இறங்குவரிசையில் ஒதுக்கீடு போகும். ஆகவே எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு காலனி அந்த வரிசையில் மேலே வருமா, கீழே போகுமா என்பது அமைகிறது.

கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 45,000, அதில் பட்டியல் சாதியினர் 9,000. ஐந்தில் ஒரு பங்கு. வார்டுகள் 30. ஆகவே ஒதுக்க வேண்டியவை 6. சராசரியாக ஒரு வார்டில் 1,500 பேர். அந்த ஊரில் 900 பேர் வாழும் ஒரு காலனி இருக்கிறது. அது முழுவதும் ஒரே வார்டில் இருந்தால் அந்த வார்டில் நம் விகிதம் 60. அந்த வார்டு வரிசையில் முன்னால் நிற்கும்; ஒதுக்கீடு உறுதி.

இப்போது காலனியின் நடுத்தெரு வழியே கோட்டை இழுங்கள். இரண்டு வார்டிலும் 450, 450 பேர். இரண்டிலும் விகிதம் 30. ஊரின் மற்ற பகுதிகளில் 40-க்கு மேல் விகிதம் உள்ள ஐந்து வார்டுகளும், 35 விகிதம் உள்ள ஒரு வார்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறு இடங்களும் அவற்றுக்கே போய்விடும். காலனியின் இரு பாதிகளும் பொது வார்டுகளில் சிறுபான்மையாக நிற்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒதுக்கப்பட்ட வார்டுகளின் எண்ணிக்கை இரண்டு நிலையிலும் 6 தான். ஆகவே அரசாணையைப் படிப்பவருக்குக் குறை எதுவும் தெரியாது. குறை இடத்தில் இருக்கிறது. 60 விகிதம் உள்ள வார்டில் நிற்கும் நம் வேட்பாளர் நம் தெருக்களின் வாக்கை நம்பி நிற்கலாம். 35 விகிதம் உள்ள வார்டில் நிற்பவர் மீதி 65 பேரின் தயவில்தான் வெல்ல முடியும். சாதிச் சான்றிதழ் நம்முடையதாக இருக்கும். கடிவாளம் வேறு கையில் இருக்கும்.

ஒதுக்கீட்டுக்கு எதிரான வன்முறையை நாம் மறக்கவில்லை. 1997 ஜூன் மாதம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. அவை உலகத்துக்குத் தெரிந்தன. எல்லைக்கோடு சத்தமில்லாமல் வேலை செய்கிறது. அதனால்தான் அதைப் பார்க்க ஒரு கோப்பு வேண்டியிருக்கிறது.

இதையும் சொல்லவேண்டும்: காலனி பிரிந்திருப்பதாலேயே சதி என்று ஆகிவிடாது. பெரிய வாய்க்காலோ ரயில் பாதையோ குறுக்கே ஓடினால் கோடு அங்கே விழுவது இயல்பு. ஒன்றாக வைத்திருப்பதும் எல்லா நேரமும் நன்மை அல்ல. 2,000 பேர் கொண்ட இரு காலனிகளை ஒரே வார்டில் அடைத்தால், இரண்டு உறுப்பினர் வரவேண்டிய இடத்தில் ஒருவர்தான் வருவார். எது நடந்திருக்கிறது என்பதை ஊர் முழுவதன் கோடுகளையும் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஒரு தெருவின் வருத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அரசிதழ் இருக்கிறதே?

இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மறுவரையறை ஆணையத்தின் பணிக்குப் பிறகு வார்டு எல்லைகள் சொற்களில் அறிவிக்கப்பட்டன. வடக்கே இந்தத் தெரு, கிழக்கே இந்த வாய்க்கால், தெற்கே இந்தச் சாலை, மேற்கே இன்ன வார்டு என்று இருக்கும். சட்டப்படி செல்லுபடியாவது அந்தச் சொற்கள்தான்.

ஆனால் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு தெருவில் நின்றால் தடுமாற்றம் வருகிறது. "நடுத்தெரு" என்று எழுதியிருக்கும். கோடு தெருவின் நடுவிலா, வடக்கு வாடையின் பின்சுவரிலா என்று இருக்காது. பெயர் மாறிய தெருக்கள், மூடப்பட்ட வாய்க்கால்கள் உண்டு. எங்கள் காலனியில் மூன்று சந்துகளுக்குப் பெயரே கிடையாது. அரசிதழில் பெயருள்ள தெருக்களின் வீடுகள்தான் வருகின்றன. பெயரில்லாத சந்து எந்த வார்டில் சேர்ந்தது என்பதை வரிபோடும் எழுத்தர் தம் பழக்கத்தில் முடிவு செய்கிறார்.

கணக்கெடுப்பு எண்களோடு பொருத்தவும் சொற்கள் போதாது. 2011 கணக்கெடுப்பு வெளியீட்டில் நகரங்களுக்கு வார்டு வாரியாகப் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை உண்டு. ஆனால் அவை அன்றைய வார்டுகள். மறுவரையறைக்குப் பின் அதே எண் வேறு தெருக்களைக் குறிக்கிறது. பழைய 12-ஆம் வார்டின் எண்ணிக்கையைப் புதிய 12-ஆம் வார்டின்மேல் ஏற்றிப் பேசினால், எதிரே இருப்பவர் ஒரே கேள்வியில் நம்மை மடக்கிவிடுவார். இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கக்கூடிய வடிவில் வேண்டும். அதற்குத்தான் எண்மக் கோப்பு.

முதல் கடிதம், இரண்டாம் கடிதம்

முதல் கடிதத்தை ஆணையருக்கு எழுதினோம். "எங்கள் நகராட்சியின் வார்டு வரைபடம் வேண்டும்" என்று ஆறு வரி. தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தோம். இருபது நாள் கழித்துப் போனபோது, மாடிப்படிச் சுவரில் இருக்கும் அதே படத்தின் நகலை மடித்துக் கொடுத்தார்கள். கேட்டது வரைபடம், கொடுத்ததும் வரைபடம். தவறு எங்கள் சொல்லில்தான்.

இரண்டாவதைத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதினோம். படிப்பகத்தின் பெயரில், படிப்பகத்தின் முத்திரையோடு அனுப்பினோம். "குடிமக்களுக்கே தகவல் உரிமை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டத்தின் 3-ஆம் பிரிவு குடிமக்கள் என்றுதான் சொல்கிறது. சங்கத்தின் பொறுப்பில் இருந்தாலும் ஒரு தனி ஆளின் பெயரில் கேட்பதே பாதுகாப்பு. அந்தக் கடிதத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. "ஷேப் ஃபைல் வடிவில் தயாரித்துத் தரவும்" என்று எழுதியிருந்தோம். கைவசம் உள்ள தகவலைத் தருவதுதான் அலுவலகத்தின் கடமை. இல்லாத ஒன்றை உருவாக்கித் தரும் கடமை இல்லை என்று 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "தயாரித்து" என்ற ஒரே சொல் போதும், மனுவைத் தள்ளுபடி செய்ய.

மூன்றாம் கடிதம்

மூன்றாவதைப் படிப்பகத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் அக்கா தம் பெயரில் எழுதினார். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் போனது. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறோம்.

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சி வார்டு எல்லைகளின் எண்மத் தரவும் அதன் பயன்பாட்டு விதிகளும், தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன்படி கேட்பது.

ஐயா, கீழ்க்காணும் தகவல்களைத் தங்கள் அலுவலகத்தில் அல்லது தங்கள் கட்டுப்பாட்டில் தற்போது உள்ள வடிவிலேயே குறுவட்டில் அல்லது மின்னஞ்சலில் வழங்க வேண்டுகிறேன்.

1. நடைமுறையில் உள்ள வார்டு எல்லைகளைக் காட்டும் கணினிக் கோப்புகள் அனைத்தும், அவற்றுடன் வரும் துணைக் கோப்புகளும். எந்த வரைபட மென்பொருளில் இருந்தாலும் மூலக் கோப்பே வேண்டும். அச்சிட்ட படமோ வருடிய படமோ இதற்கு ஈடாகாது.

2. அந்தக் கோப்பு எந்த அரசிதழ் அறிவிக்கையின்படி வரையப்பட்டது, எந்த நாளில் கடைசியாகத் திருத்தப்பட்டது, எந்த ஆயத்தொலை முறையில் உள்ளது என்பதைக் காட்டும் பதிவேடு அல்லது குறிப்பின் நகல்.

3. அந்தக் கோப்பை வெளி நிறுவனம் தயாரித்திருந்தால், தரவின் உடைமையும் பதிப்புரிமையும் யாருக்கு என்று கூறும் ஒப்பந்தப் பகுதியின் நகல்.

4. அந்தத் தரவைப் பொதுமக்கள் நகலெடுக்க, வேறு தரவுடன் இணைக்க, மாற்றியமைக்க, அச்சிட்டோ மின்வழியிலோ மறுபகிர்வு செய்ய உள்ள அனுமதி அல்லது தடையைக் கூறும் ஆணை, சுற்றறிக்கை, உரிம ஆவணத்தின் நகல். அப்படி எதுவும் இல்லை என்றால் இல்லை எனத் தெரிவிக்கவும்.

5. வீட்டு உரிமையாளர் பெயர், சொத்துவரி எண் போன்ற தனிநபர் விவரங்கள் எனக்குத் தேவையில்லை. கோப்பில் அவை கலந்திருந்தால் பிரிவு 10-இன்படி அவற்றை நீக்கிவிட்டு எல்லைக் கோடுகளை மட்டும் வழங்கவும்.

6. இவற்றில் எதுவும் வேறு அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாட்களுக்குள் அங்கே மாற்றி, எனக்குத் தெரிவிக்கவும்.

எதற்காக வேண்டும் என்ற காரணம் கடிதத்தில் இல்லை. பிரிவு 6(2)-இன்படி சொல்லத் தேவையில்லை. காலனி, சாதி, ஒதுக்கீடு என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லாதபடி பார்த்துக்கொண்டோம். வரைபடம் கேட்பவர் எந்தத் தெருக்காரர் என்று பார்த்துப் பதில் எழுதும் வழக்கம் இல்லாத அலுவலகமாக இருந்தால் நல்லதுதான். அதை நம்பிக் கடிதம் எழுத எங்களால் முடியவில்லை.

உரிமம் எதற்கு?

நான்காவது கேள்விதான் பலருக்கும் புரியவில்லை. "கோப்பு கிடைத்தால் போதாதா, உரிமம் எதற்கு?" என்று எங்களுக்குள்ளேயே கேட்டார்கள்.

பதிப்புரிமைச் சட்டப்படி அரசு தயாரிக்கும் படைப்பும் பதிப்புரிமைக்கு உட்பட்டதே. முதல் உரிமையாளர் அரசு. வெளியான பின் 60 ஆண்டு அது நீடிக்கும். தகவல் உரிமையில் ஒரு கோப்பைப் பெறுவது அதைப் பார்க்கும் உரிமை. அதை அச்சிட்டுத் தெருத்தெருவாக ஒட்டவும், நம் கணக்கை அதன்மேல் ஏற்றி நாளிதழுக்குக் கொடுக்கவும், இன்னொரு ஊர்க்காரர் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கவும் அதுவே அனுமதி ஆகிவிடாது. நாளை ஆட்சேப விசாரணையில் நம் வரைபடத்தை விரிக்கும்போது, "இதை அச்சிட உங்களுக்கு யார் அனுமதி தந்தது?" என்று பேச்சைத் திருப்ப இடம் கொடுக்கக் கூடாது.

இதில் நமக்குச் சாதகமான ஒரு வாசல் உண்டு. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு அரசிதழில் வெளியானவற்றை மறுபதிப்பு செய்வது மீறல் ஆகாது என்கிறது. சட்டமன்றச் சட்டங்களுக்கு மட்டும் தனி நிபந்தனை உண்டு. ஆகவே அரசிதழில் வந்த வார்டு எல்லைச் சொற்களை யாரும் அச்சிடலாம். அந்தச் சொற்களைப் படித்து நாமே நடந்து வரைந்த கோடு நம்முடையது. ஆனால் நகராட்சி வரைந்து வைத்திருக்கும் கணினிக் கோப்பு அரசிதழில் வெளியானது அல்ல. அதற்குத்தான் விதி கேட்கிறோம்.

ஒன்றிய அரசு 2017-இல் திறந்த தரவு உரிமம் ஒன்றை அறிவித்தது. அதன்கீழ் வரும் தரவை நகலெடுக்கலாம், மாற்றலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும். ஆனால் நகராட்சியின் கோப்பு தானாக அதன்கீழ் வந்துவிடாது. அதை வைத்திருக்கும் அலுவலகம், "இந்தத் தரவு இந்த உரிமத்தில்" என்று அறிவிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசின் புவிசார் தரவு வழிகாட்டுதல்கள், பொதுப்பணத்தில் உருவான வரைபடத் தரவு பாதுகாப்புத் துறைகளின் மறைபொருள் தவிர மற்றவை எளிதில் கிடைக்க வேண்டும் என்கின்றன. அந்த வரியை முதல் மேல்முறையீட்டில் எடுத்துச் சொல்லலாம். அது நல்ல வாதம், உரிமம் ஆகாது.

என்ன பதில் வந்தது

சட்டம் தரும் 30 நாளில் 28-ஆம் நாள் பதில் வந்தது. ஒரு குறுவட்டும் ஒரு பக்கக் கடிதமும். குறுவட்டில் `ward.kml` என்று ஒரே கோப்பு. எங்கள் பிள்ளைகளில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கட்டணமில்லாத வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்-ஐத் தன் மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்தார். கோப்பைத் திறந்ததும் படிப்பகமே கைதட்டியது. முப்பது வார்டும் இருந்தன.

கைதட்டல் சீக்கிரம் நின்றுவிட்டது. கோப்பு வந்தவுடன் நம்பிவிடக் கூடாது என்று முன்பே முடிவு செய்து, மூன்று சோதனைகளை எழுதி வைத்திருந்தோம்.

முதல் சோதனை இடம். காலனி மேல்நிலைத் தொட்டியின் அடியில் நின்று கைப்பேசியில் ஆயத்தொலை எடுத்தோம். அந்தப் புள்ளியைக் கோப்பின்மேல் வைத்தோம். சரியாக விழுந்தது. கேஎம்எல் கோப்புகள் உலகப் பொது முறையான `EPSG:4326`-இல் இருப்பதால் இதில் வம்பு குறைவு. ஷேப் ஃபைல் வந்திருந்தால் `.shp`, `.shx`, `.dbf`, `.prj` என்று நான்கு கோப்புகளாவது சேர்ந்து வரவேண்டும். இதில் `.prj` இல்லை என்றால் எந்த அளவை முறையில் வரைந்தது என்று கணினிக்குத் தெரியாது. பழைய நில அளவை முறையில் வரைந்ததைப் புதிய முறை என்று எடுத்துக்கொண்டால் ஊரே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழக்கூடும். காலனி அடுத்த வார்டுக்குக் குடியேறிவிடும்.

இரண்டாம் சோதனை தையல். பக்கத்துப் பக்கத்து வார்டுகள் ஒரே கோட்டைப் பகிர வேண்டும். நடுவில் இடைவெளியும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. எங்கள் கோப்பில் இரண்டு இடங்களில் இடைவெளி இருந்தது. அதில் ஒன்று பெயரில்லாத அந்த மூன்று சந்துகளின் மேல். எந்த வார்டிலும் இல்லாத வீடுகள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேண்டுமென்று செய்ததாக நாங்கள் சொல்லவில்லை. வரைந்தவர் பெயருள்ள தெருக்களை மட்டும் பிடித்துக்கொண்டு வரைந்திருக்கிறார். பெயர் வைக்காமல் விட்டது அவருக்கு முன்னால் வந்தவர்கள்.

மூன்றாம் சோதனை காலம். இதில்தான் கோப்பு தோற்றது. மறுவரையறையில் எங்கள் ஊரின் வார்டு எண்ணிக்கை மாறவில்லை, அதே முப்பதுதான். ஆகவே எண்ணிப் பார்த்தால் பழையதா புதியதா என்று தெரியாது. அரசிதழை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். பதினான்காம் வார்டின் கிழக்கெல்லை அரசிதழில் வாய்க்கால். கோப்பில் அது கடைத்தெரு. பதினைந்தும் பதினாறும் அதேபோல் பொருந்தவில்லை. எங்களுக்கு வந்தது மறுவரையறைக்கு முந்தைய எல்லை. இரண்டாவது கேள்விக்கு, அதாவது எந்த அறிவிக்கையின்படி வரைந்தது என்பதற்கு, கடிதத்தில் பதிலே இல்லாதது ஏன் என்று அப்போது விளங்கியது.

மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்குச் சேர்த்து ஒரே வரி: "தகவல் பார்வைக்கு மட்டும், சட்டப்படியான பயன்பாட்டுக்கு அல்ல." இது உரிமமா? இல்லை. இதில் இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லை பற்றிச் சச்சரவு வந்தால் அரசிதழ்தான் இறுதி, கோப்பு அல்ல என்பது ஒன்று. அது நியாயமான எச்சரிக்கை, நாங்கள் ஏற்கிறோம். பார்க்கலாம், பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. அது தடை. தடை என்றால் அதை விதித்த ஆணையைக் காட்டவேண்டும். காட்டவில்லை.

அடுத்து என்ன

பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய 19(1) பிரிவு வழி தருகிறது. செய்துவிட்டோம். அதில் கோபம் எதுவும் எழுதவில்லை. அரசிதழின் மூன்று வார்டு எல்லை வாசகங்களை இடப்பக்கமும், கோப்பில் அதே வார்டின் படத்தை வலப்பக்கமும் வைத்து, "வழங்கியது நடைமுறையில் உள்ள எல்லை அல்ல" என்று ஒரு வரி. இரண்டாம் கேள்விக்குப் பதில் இல்லை என்று ஒரு வரி. நான்காவதற்கு, ஆணை இருந்தால் நகல், இல்லையென்றால் இல்லை என்ற பதில் வேண்டும் என்று ஒரு வரி. ஒப்பந்ததாரரின் பதிப்புரிமை என்று சொல்ல வந்தால், அதற்கும் விடை வைத்திருக்கிறோம். 9-ஆம் பிரிவு அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமை மீறப்படும்போது மட்டுமே மறுக்கச் சொல்கிறது. நகராட்சிக்கு உரியது என்று ஒப்பந்தம் சொன்னால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அதனால்தான் மூன்றாவது கேள்வியில் ஒப்பந்தப் பகுதியைக் கேட்டோம்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் அரசிதழ் நகலோடு எங்கள் பகுதியின் நான்கு வார்டு எல்லைகளையும் நடந்தே வரைந்தார்கள். கைப்பேசியில் தடம் பதிந்து, தெரு முனைகளில் நின்று குறித்து, சந்தேகமான இடங்களைச் சிவப்பில் காட்டினார்கள். வீடு வீடாகத் தலை எண்ணியபோது பெயரையும் கதவெண்ணையும் எழுதவில்லை. தெருவுக்கு இத்தனை பேர் என்ற கூட்டுத்தொகை மட்டும்தான். நம் மக்களின் சாதிப் பட்டியல் ஒரு தாளில் ஊர் சுற்றுவது நமக்கே ஆபத்து.

நடந்து வரைந்ததில் ஆயாவின் கேள்விக்கு விடை கிடைத்தது. கோடு அவர் வாசலில்தான் போகிறது. எதிர் வீட்டுத் திண்ணை அடுத்த வார்டு.

இதையெல்லாம் இப்போதே செய்வதற்குக் காரணம் உண்டு. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் அமைந்த மன்றங்களின் காலம் ஐந்தாண்டு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. புதிய எண்கள் வந்தபின் கோடுகள் மறுபடி வரையப்படும் நாள் வரும். வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்லச் சில நாட்கள்தான் தருவார்கள். இறுதியானபின் நீதிமன்ற வாசல் மிகக் குறுகியது. தொகுதி வரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு அரசியல் சட்டத்தின் 243இசட்ஜி பிரிவே தடை போட்டிருக்கிறது. அந்தச் சில நாட்களில் கடிதம் எழுதிக் கோப்பு கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இன்றைய எல்லை கையில் இருந்தால், நாளைய வரைவை அதன்மேல் வைத்து, எந்தத் தெரு நகர்ந்தது, எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று அன்று மாலையே சொல்லிவிடலாம்.

மேல்முறையீட்டுக்கான பதில் இன்னும் வரவில்லை. 45 நாளுக்குள் வரவேண்டும். வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போவோம். இதற்கிடையே பெயரில்லாத மூன்று சந்துகளுக்கும் பெயர் வைக்கக் கோரி மன்றத்துக்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம். பெயர் இருந்தால்தான் அரசிதழில் ஏறும். அரசிதழில் ஏறினால்தான் கோட்டுக்குள் வரும்.